ஆய்வுக் கட்டுரைக்கு ரிக்ரஷன் அட்டவணை தயாரிப்பது: முதல்முறை போடுபவர்களுக்கு

மாடலை ஓட்டுவதற்கு ஒரு நிமிடம்கூட ஆகாது. அதன் முடிவை ஆய்விதழ் ஏற்கும் அட்டவணையாக மாற்றும்போதுதான் நாள் கணக்கில் இழுக்கும். நெறியாளர் ஒன்று சொல்வார், மதிப்பீட்டாளர் வேறொன்று கேட்பார். கடைசியில் அடைப்புக்குறிக்குள் இருப்பது திட்டப்பிழையா, டி-மதிப்பா என்று எழுதியவருக்கே சந்தேகம் வந்துவிடும். அந்த அலைச்சல் இல்லாமல் முடிப்பதற்கான வழி இது.

ஒரே எடுத்துக்காட்டை வைத்துக் கடைசிவரை போவோம். ஆர் மொழியை நிறுவினாலே கூடவே வரும் `mtcars` என்ற தரவு போதும். 1974-ஆம் ஆண்டு அமெரிக்க மோட்டார் இதழ் ஒன்றிலிருந்து எடுத்த 32 கார்களின் விவரம் அதில் இருக்கிறது. நம் கேள்வி: மேனுவல் கியர் கார், ஆட்டோமேட்டிக்கைவிட ஒரு கேலன் பெட்ரோலுக்கு அதிக மைல் ஓடுகிறதா? கீழே உள்ள எண்கள் எல்லாவற்றையும் உங்கள் கணினியில் நீங்களே எடுத்துப் பார்க்கலாம்.

## 1. உட்காரும் முன் கையில் வேண்டியவை

முதலில் ஆய்விதழின் ஆசிரியர் வழிமுறைப் பக்கத்தைத் திறந்து, அட்டவணை பற்றிய பகுதியை மட்டும் படியுங்கள். மூன்று விஷயங்களைத் தேடினால் போதும்: நட்சத்திரக் குறி போடலாமா, அடைப்புக்குறிக்குள் என்ன வர வேண்டும், அட்டவணை கட்டுரைக்குள்ளேயே வர வேண்டுமா அல்லது தனிக் கோப்பாகவா. எல்லாம் முடிந்த பிறகு இதைப் படிப்பவர்கள்தான் அதிகம். அவர்கள் அட்டவணையை இரண்டு முறை போடுகிறார்கள்.

அடுத்து, சுத்தம் செய்த தரவுக் கோப்பு, ஒவ்வொரு மாறியின் அலகையும் விளக்கத்தையும் எழுதிய ஒரு பக்கம், மாடல்களை ஓட்டும் ஸ்கிரிப்ட். மூன்றாவது இல்லையென்றால் இப்போதே எழுதத் தொடங்குங்கள். திரையில் வந்ததைப் பார்த்துக் கையால் தட்டிய அட்டவணையில், முதல் திருத்தம் வரும்போதே ஏதாவது ஓர் எண் பழையதாக நின்றுவிடும்.

செலவு பற்றி: ஆர் மொழிக்கும் அதன் தொகுப்புகளுக்கும் கட்டணம் கிடையாது. ஸ்டேட்டாவுக்கு உரிமம் வாங்க வேண்டும். உங்கள் துறையின் கணினிக்கூடத்தில் இருக்கிறதா என்று முதலில் விசாரியுங்கள். இந்த ஒரு அட்டவணைக்காகக் காசு கொடுத்து வாங்க வேண்டியதில்லை. நேரத்தைப் பொறுத்தவரை, முதல் அட்டவணைக்கு ஒரு முழு நாளை ஒதுக்குங்கள். ஸ்கிரிப்ட் இருந்தால் அதற்குப் பிறகு வரும் ஒவ்வொரு திருத்தமும் சில நிமிட வேலைதான்.

## 2. எல்லா நெடுவரிசைக்கும் ஒரே சாம்பிள்

ரிக்ரஷன் அட்டவணையில் நெடுவரிசைகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைப்பதே, ஒரு மாறியைச் சேர்த்ததும் கெழு எப்படி மாறுகிறது என்று காட்டத்தான். ஆனால் புதிதாகச் சேர்த்த மாறியில் காலி இடங்கள் இருந்தால், மென்பொருள் அந்த வரிசைகளைச் சத்தமில்லாமல் விட்டுவிடும். கருத்துக்கணிப்புத் தரவில் வருமானக் கேள்விக்குப் பலர் பதில் சொல்லியிருக்க மாட்டார்கள். வருமானத்தைச் சேர்த்ததும் கெழு பாதியானால், அது வருமானத்தின் வேலையா, பதில் சொல்லாதவர்கள் வெளியேறியதன் வேலையா என்று யாராலும் பிரித்துச் சொல்ல முடியாது.

இதற்கான அடையாளம் எளிது. அவதானிப்பு எண்ணிக்கை நெடுவரிசைக்கு நெடுவரிசை குறைந்துகொண்டே போகும். மதிப்பீட்டாளர் முதலில் பார்ப்பதும் அந்த வரியைத்தான். ஆகவே மிகப் பெரிய மாடலுக்குத் தேவையான எல்லா மாறிகளும் நிறைந்திருக்கும் வரிசைகளை மட்டும் முதலிலேயே பிரித்தெடுத்து, எல்லா மாடலையும் அதன்மேல் ஓட்டுங்கள்:

```r
d <- mtcars
d$hp100 <- d$hp / 100
v <- c("mpg", "am", "wt", "hp100")
d <- d[complete.cases(d[, v]), ]

m <- list(
  "(1)" = lm(mpg ~ am, data = d),
  "(2)" = lm(mpg ~ am + wt, data = d),
  "(3)" = lm(mpg ~ am + wt + hp100, data = d)
)
```

`mtcars` தரவில் காலி இடமே இல்லை என்பதால் 32 அப்படியே 32-ஆக நிற்கும். உங்கள் தரவில் எத்தனை வரிசை போனது என்று குறித்துவைத்து, அந்த எண்ணை அடிக்குறிப்பில் சொல்லுங்கள்.

## 3. முதலில் அலகு, பிறகுதான் தசமம்

மேலே குதிரைத்திறனை ஏன் நூறால் வகுத்தோம்? வகுக்காமல் விட்டால் அதன் கெழு −0.037479, திட்டப்பிழை 0.009605. இரண்டு தசமத்துக்குச் சுருக்கினால் −0.04 (0.01) என்று வரும். அட்டவணையைப் பார்ப்பவர் வகுத்துப் பார்த்து டி-மதிப்பு 4 என்பார். மூன்று தசமம் வைத்தால் −0.037 (0.010), இப்போது 3.7 என்பார். உண்மையில் அது 3.90. நூறு குதிரைத்திறனை ஓர் அலகாக எடுத்தால் −3.748 (0.961) என்று வந்துவிடும், வகுத்தால் சரியாக 3.90. தகவலும் போகவில்லை, வாசகருக்கும் பொருள் புரிகிறது.

எடை விஷயத்தில் இந்தத் தரவை உருவாக்கியவர்களே ஆயிரம் பவுண்டை அலகாக வைத்துவிட்டார்கள். பவுண்டிலேயே விட்டிருந்தால் எடையின் கெழு இரண்டு தசமத்தில் −0.00, திட்டப்பிழை 0.00, பக்கத்தில் மூன்று நட்சத்திரம் என்று நின்றிருக்கும். அச்சான கட்டுரைகளில்கூட இதைப் பார்க்கலாம். அட்டவணையில் 0.000 என்ற கெழு தெரிந்தால் தசமத்தைக் கூட்டாதீர்கள், அலகை மாற்றுங்கள். ரூபாயை ஆயிரமாக, பரப்பை ஹெக்டேராக, சார்பு மாறி விகிதமாக இருந்தால் அதைச் சதவீதமாக.

மூன்று தசமம் பெரும்பாலான அட்டவணைகளுக்குப் போதும். கெழுவுக்கும் திட்டப்பிழைக்கும் ஒரே தசம எண்ணிக்கை இருக்கட்டும்.

## 4. அடைப்புக்குறிக்குள் எது?

அதிகம் பேர் விழும் குழி இதுதான். முதல் மாடலில் மேனுவல் கியரின் கெழு 7.245, திட்டப்பிழை 1.764, டி-மதிப்பு 4.11. ஸ்டேட்டாவில் `esttab` கட்டளையை விருப்பம் எதுவும் சேர்க்காமல் ஓட்டினால், அடைப்புக்குறிக்குள் டி-மதிப்புதான் வரும். அட்டவணையில் 7.245 (4.11) என்று நிற்கும். அதைத் திட்டப்பிழை என்று நினைப்பவர் வகுத்துப் பார்த்தால் 1.76 கிடைக்கும், ‘இதற்கு எப்படி மூன்று நட்சத்திரம்?’ என்று கேட்பார். கேள்வி நியாயமானது. `se` என்று ஒரு சொல்லைச் சேர்த்தால் பிரச்சினை தீர்ந்தது:

```
esttab m1 m2 m3 using table2.rtf, replace label ///
  b(3) se(3) star(* 0.10 ** 0.05 *** 0.01) r2 ar2
```

அடுத்த கேள்வி, எந்த வகைத் திட்டப்பிழை என்பது. சாதாரண வகை, ரோபஸ்ட், கிளஸ்டர் என மூன்றில் ஒன்றை நீங்கள் தேர்ந்தெடுத்திருப்பீர்கள். கெழு மூன்றிலும் ஒன்றுதான். திட்டப்பிழையும், அதனால் நட்சத்திரமும் மாறும். ரோபஸ்ட் என்று மட்டும் எழுதுவதும் போதாது. ஸ்டேட்டாவில் `robust` என்றால் `HC1` என்ற வகை. ஆர் மொழியின் `sandwich` தொகுப்பில் `vcovHC` கட்டளைக்குத் தானாக வருவது `HC3`. நீங்கள் ஆர் மொழியிலும் உங்கள் இணை ஆசிரியர் ஸ்டேட்டாவிலும் ஓட்டி, கெழு பொருந்தித் திட்டப்பிழை பொருந்தவில்லை என்று ஒரு நாளைத் தொலைக்கக் காரணம் பெரும்பாலும் இதுதான். 32 கார் போன்ற சிறிய சாம்பிளில் அந்த வித்தியாசம் கண்ணுக்குத் தெரியும். ஆயிரக்கணக்கில் இருந்தால் கிட்டத்தட்ட மறைந்துவிடும்.

கிளஸ்டர் செய்தால் எதன்மேல் (கிராமமா, பள்ளியா, மாவட்டமா), மொத்தம் எத்தனை கிளஸ்டர் என்ற இரண்டும் அட்டவணையில் இருக்க வேண்டும். அவதானிப்பு பத்தாயிரம் இருந்தாலும் கிளஸ்டர் எட்டுதான் என்றால், வழக்கமான கிளஸ்டர் திட்டப்பிழை உண்மையைவிடச் சிறியதாக வர வாய்ப்பு அதிகம். எண்ணிக்கையைச் சொல்லாமல் விட்டால் எதையோ மறைக்கிறீர்கள் என்றுதான் படும்.

இங்கே எளிமைக்காகச் சாதாரண திட்டப்பிழையையே வைத்துக்கொள்கிறேன்.

## 5. நட்சத்திரங்களுக்குப் பொதுவான அர்த்தம் கிடையாது

மூன்றாவது மாடலில் எடையின் பி-மதிப்பு 0.00357. இதற்கு எத்தனை நட்சத்திரம்? ஆர் மொழியின் `summary` இரண்டு போடும், ஏனென்றால் அங்கே மூன்று நட்சத்திரத்துக்கு 0.001-க்குக் கீழே போக வேண்டும். `esttab` தானாகப் போட்டாலும் இரண்டுதான். `stargazer` தொகுப்பு மூன்று போடும், அங்கே 0.01 போதும். ஒரே எண், ஒரே மாடல், கருவியைப் பொறுத்து நட்சத்திரம் மாறுகிறது. திரையில் பார்த்ததை ஒரு அட்டவணைக்கும், தொகுப்பு தந்ததை இன்னொரு அட்டவணைக்கும் வைத்தால், ஒரே கட்டுரைக்குள் இரண்டு அளவுகோல் வந்துவிடும்.

அதனால் எந்தக் கருவியாக இருந்தாலும் வரம்புகளை நீங்களே கட்டளையில் எழுதுங்கள். உங்கள் துறையில் எது வழக்கம் என்று அந்த ஆய்விதழின் சமீபத்திய இரண்டு மூன்று கட்டுரைகளைப் பார்த்தால் தெரியும். பொருளியலில் 0.10, 0.05, 0.01 பரவலாக இருக்கிறது. சில இதழ்களுக்கு நட்சத்திரமே கூடாது. அமெரிக்கப் பொருளாதாரச் சங்கத்தின் இதழ்கள் நட்சத்திரம் போடாமல் அடைப்புக்குறிக்குள் திட்டப்பிழையை மட்டும் கொடுக்கச் சொல்கின்றன. முதல் படியிலேயே வழிமுறைப் பக்கத்தைப் படிக்கச் சொன்னது இதற்காகவும்தான்.

## 6. அட்டவணையை எடுப்பது

ஆர் மொழியில் `modelsummary` தொகுப்பு இதற்கு வசதியானது:

```r
library(modelsummary)
modelsummary(m,
  fmt = 3,
  stars = c("*" = .1, "**" = .05, "***" = .01),
  coef_map = c("am" = "Manual gearbox",
               "wt" = "Weight (1000 lb)",
               "hp100" = "Horsepower (100s)",
               "(Intercept)" = "Constant"),
  gof_map = c("nobs", "r.squared", "adj.r.squared"),
  output = "table2.docx")
```

லேடெக்கில் எழுதுபவர்கள் கடைசி வரியில் கோப்புப் பெயரை `table2.tex` என்று மாற்றினால் போதும். ரோபஸ்ட் வேண்டுமென்றால் `vcov = "HC1"` என்று ஒரு வரி கூடுதல். வேர்டு கோப்பாக எடுக்கும்போது வேறொரு தொகுப்பும் வேண்டும் என்று பிழைச்செய்தி வந்தால், அது சொல்லும் பெயரை நிறுவிவிட்டு மறுபடி ஓட்டுங்கள்.

`coef_map` பகுதியில் ஒரு எச்சரிக்கை. அது மூன்று வேலை செய்கிறது: பெயரை மாற்றுகிறது, வரிசையை அமைக்கிறது, பட்டியலில் இல்லாத மாறியை அட்டவணையிலிருந்தே தூக்கிவிடுகிறது. பெயரில் ஓர் எழுத்து தப்பினாலும் அந்த மாறி அட்டவணையில் இருக்காது. மாடலில் இருக்கும், அட்டவணையில் மட்டும் காணோம். ஓட்டியதும் வரிசைகளை எண்ணிப் பாருங்கள்.

மாறிகளின் வரிசையில் உங்கள் கேள்விக்குரிய மாறி முதலில் வர வேண்டும், மாறிலி கடைசியில். மென்பொருள் தன் இஷ்டத்துக்கு மாறிலியை மேலே வைக்கும். விட்டுவிடாதீர்கள்.

கிடைக்கும் எண்கள் இவை. பெயர்களை மட்டும் தமிழில் தருகிறேன்:

அட்டவணை 2: மேனுவல் கியரும் எரிபொருள் திறனும்

| | (1) | (2) | (3) |
|---|---|---|---|
| மேனுவல் கியர் | 7.245\*\*\* | −0.024 | 2.084 |
| | (1.764) | (1.546) | (1.376) |
| எடை (1000 பவுண்டு) | | −5.353\*\*\* | −2.879\*\*\* |
| | | (0.788) | (0.905) |
| குதிரைத்திறன் (நூறுகளில்) | | | −3.748\*\*\* |
| | | | (0.961) |
| மாறிலி | 17.147\*\*\* | 37.322\*\*\* | 34.003\*\*\* |
| | (1.125) | (3.055) | (2.643) |
| அவதானிப்புகள் | 32 | 32 | 32 |
| R² | 0.360 | 0.753 | 0.840 |
| திருத்திய R² | 0.338 | 0.736 | 0.823 |

இந்த அட்டவணை என்ன சொல்கிறது என்று ஒரு நிமிடம் பாருங்கள். முதல் நெடுவரிசையில் மேனுவல் கார் 7 மைல் கூடுதலாக ஓடுகிறது. எடையைச் சேர்த்ததும் அந்த 7 மைல் மொத்தமும் காணாமல் போகிறது. இந்தத் தொகுப்பில் மேனுவல் கார்கள் எடை குறைந்தவை, அவ்வளவுதான். மூன்றாவதில் 2.084 என்று கொஞ்சம் திரும்பி வருகிறது, நட்சத்திரம் இல்லை. மூன்றாவது நெடுவரிசையை மட்டும் போட்டிருந்தால் இந்தப் பயணம் வாசகருக்குத் தெரிந்திருக்காது. நெடுவரிசைகளைத் தேர்ந்தெடுக்கும்போது ஒவ்வொன்றும் முந்தையதற்கு மேல் எதைக் காட்டுகிறது என்று கேளுங்கள். பதில் இல்லாத நெடுவரிசையைப் பிற்சேர்க்கைக்கு அனுப்புங்கள். ஆறுக்கு மேல் போனால் பக்கமும் தாங்காது.

நட்சத்திரம் இல்லாததால் 2.084-ஐ ‘விளைவு இல்லை’ என்று எழுதிவிடாதீர்கள். அதன் 95 சதவீத நம்பக இடைவெளி −0.74 முதல் 4.90 வரை போகிறது. கிட்டத்தட்ட 5 மைல் வித்தியாசத்தைக்கூட இந்த 32 கார்களால் மறுக்க முடியவில்லை. எழுத வேண்டியது அதைத்தான்.

## 7. அடிக்குறிப்பு

அட்டவணையை மட்டும் கிழித்து எடுத்து ஒருவரிடம் கொடுத்தாலும் அவருக்குப் புரிய வேண்டும். அடிக்குறிப்பு அதற்குத்தான். நம் அட்டவணைக்கு இப்படி:

*குறிப்பு:* சார்பு மாறி, ஒரு அமெரிக்க கேலனுக்கு ஓடும் மைல். சாதாரண குறைந்த வர்க்க முறை மதிப்பீடு. மேனுவல் கியர் = 1, ஆட்டோமேட்டிக் = 0. அடைப்புக்குறிக்குள் சாதாரண திட்டப்பிழை. சாம்பிள்: 1973–74 மாடல் கார்கள் 32. \* p < 0.10, \*\* p < 0.05, \*\*\* p < 0.01.

சார்பு மாறியைச் சொல்ல மறப்பதுதான் இங்கே நடக்கும் பெரிய தவறு. எழுதுபவருக்கு அது மனப்பாடம், அதனால் விட்டுப்போகிறது. 0–1 மாறியில் எது 1 என்று சொல்லாமல் விடுவது அடுத்தது. மாறியின் பெயரைப் ‘பாலினம்’ என்று வைக்காமல் ‘பெண்’ என்று வைத்தாலே பாதிக் குழப்பம் போய்விடும். லாஜிட் மாடலாக இருந்தால், எண்கள் கெழுவா, ஆட்ஸ் விகிதமா, மார்ஜினல் எஃபெக்ட்டா என்று கட்டாயம் எழுதுங்கள். எதிர்க்குறியே இல்லாத அட்டவணையைப் பார்த்து வாசகர்தான் ஊகிக்க வேண்டும் என்ற நிலை வரக் கூடாது.

மாவட்டம், ஆண்டு போன்றவற்றுக்கு ஃபிக்ஸட் எஃபெக்ட் சேர்த்திருந்தால் அந்த முப்பது நாற்பது கெழுக்களையும் அச்சிடாதீர்கள். ‘மாவட்ட ஃபிக்ஸட் எஃபெக்ட்’ என்று ஒரு வரி, அதன் கீழ் நெடுவரிசைதோறும் ஆம் அல்லது இல்லை.

## 8. கையால் ஒரு சுற்று

அனுப்பும் முன் கால்குலேட்டரை எடுங்கள். ஒவ்வொரு கெழுவையும் அதன் திட்டப்பிழையால் வகுத்து, நட்சத்திரம் பொருந்துகிறதா என்று பாருங்கள். பெரிய சாம்பிளில் வரம்புகள் 1.645, 1.96, 2.576. நம் மூன்றாவது மாடலில் 32 அவதானிப்பு, 4 கெழு, மிச்சம் 28. அதனால் வரம்புகள் 1.701, 2.048, 2.763 என்று சற்று உயர்கின்றன. மேனுவல் கியர் 2.084 ÷ 1.376 = 1.51, நட்சத்திரம் கிடையாது, சரி. எடை 2.879 ÷ 0.905 = 3.18, மூன்று நட்சத்திரம், சரி.

இன்னொரு எளிய சோதனை, 0–1 மாறி ஒன்று மட்டும் உள்ள முதல் மாடலில் இருக்கிறது. மாறிலி 17.147 என்பது ஆட்டோமேட்டிக் கார்களின் சராசரி மைலாக இருக்க வேண்டும். 17.147 + 7.245 = 24.392 மேனுவல் கார்களின் சராசரி. விவர அட்டவணையில் (வழக்கமாக அட்டவணை 1) இதே எண்கள் வராவிட்டால், இரண்டு அட்டவணைகளுக்கும் சாம்பிள் வேறு என்று அர்த்தம்.

பிறகு கட்டுரையின் உள்ளே எழுதிய எண்களை ஒப்பிடுங்கள். அட்டவணையை மூன்று முறை திருத்தியிருப்போம், உள்ளே ‘2.1 மைல்’ என்று எழுதிய வாக்கியம் மட்டும் முதல் வரைவிலிருந்தே மாறாமல் நின்றிருக்கும்.

## 9. எக்ஸெல், வேர்டு, ப்ரூஃப்

எக்ஸெல் வழியாகப் போவதைத் தவிருங்கள். கணக்கெழுதுபவர்கள் அடைப்புக்குறியை எதிர்மறை எண்ணுக்குப் பயன்படுத்துவதால், (1.764) என்று ஒட்டினால் எக்ஸெல் அதை −1.764 ஆக்கிவிடும். நட்சத்திரம் உள்ள கட்டம் மட்டும் எழுத்தாக அப்படியே நிற்பதால், கெழுவைப் பார்த்துவிட்டு எல்லாம் சரி என்று நினைத்துவிடுவோம். போயே ஆக வேண்டுமென்றால், ஒட்டும் முன்பே கட்டங்களை டெக்ஸ்ட் வடிவத்துக்கு மாற்றிவிடுங்கள்.

வேர்டில் அட்டவணையைப் படமாக ஒட்ட வேண்டாம். திருத்தக்கூடிய அட்டவணையாகத்தான் பெரும்பாலான இதழ்கள் கேட்கும். நிலைக்குத்துக் கோடுகள் வேண்டாம், மேலே ஒன்று, தலைப்பின் கீழ் ஒன்று, அடியில் ஒன்று என்று மூன்று கிடைக்கோடு போதும். எண்களைத் தசமப் புள்ளியில் ஒன்றின்கீழ் ஒன்றாக நிறுத்துங்கள். நட்சத்திரம் சேர்ந்ததும் நடுவில் நிறுத்திய எண்கள் இடதுபுறம் நகர்ந்து கோணலாகத் தெரியும்.

கட்டுரை ஏற்கப்பட்ட பிறகு ப்ரூஃப் வரும், திருப்பி அனுப்பச் சில நாள் அவகாசம்தான் கொடுப்பார்கள். பதிப்பகத்தார் அட்டவணையைப் புதிதாக அடுக்கியிருப்பார்கள் என்பதால், அந்த நாட்களில் முதல் வேலையாக உங்கள் கோப்பை அருகில் வைத்து, ஒருவர் வாசிக்க ஒருவர் சரிபார்க்க, ஒவ்வொரு கட்டமாகப் போங்கள். தப்புவது எதிர்க்குறிகளும், ஒரு வரிசை கீழே இறங்கிவிட்ட திட்டப்பிழைகளும்தான். இந்த அட்டவணையிலேயே −0.024-இல் உள்ள குறி விழுந்தால் யாருக்கும் தெரியாது. −3.748-இல் விழுந்தால் குதிரைத்திறன் கூடக் கூட மைலேஜும் கூடுகிறது என்று அச்சாகிவிடும்.